அயலில் ஒருத்திக்கு மீன ராசி

வட்டக்கச்சி
12.10.2025

அன்புள்ள தம்பி பரமலிங்கத்துக்கு,

அம்மாளாச்சி காவலில் நானும் மகள் கிருசாந்தியும் சுகமாக இருக்கிறோம். பாரிசவாதத்தில் விழுந்த சிவலட்சுமியின் வலக்கை இப்போது கரண்டி பிடிக்கிறதா? நாளும் பொழுதும் படுக்கையோடு இருக்கும் பெண்சாதியைப் பார்க்கும் உனக்கும் உடம்பு வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

போனில் பேசினால் உன் குரல் எனக்குத் தகரத்தில் விழும் மழை போலத்தான் கேட்கிறது. முள்ளிவாய்க்காலில் வெடித்த வெடியோடு போன காது, இனி வராது. போனில் எழுதலாம் என்றால் அது கிருசாந்தியின் போன். அவள் வாசிக்காமல் இருக்க மாட்டாள். அதனால்தான் இந்தத் தாள்.

நேற்றுப் புரட்டாதிச் சனி. கோவிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டுத் திரும்பும்போது சாத்திரியார் ஏரம்பு நின்றார். நட்சத்திரம் கேட்டார். உத்தரட்டாதி, மீன ராசி என்றேன். அவருடைய முகம் மாறியது.

"பிள்ளை, வாற மார்ச்சிலை சனி உங்கடை ராசியிலை ஏறுது. ஜென்மச் சனி. அதுவும் மூண்டாம் சுற்று. முதல் சுற்று மங்கு, ரெண்டாவது பொங்கு. மூண்டாவதின்ரை பேரை நான் என்ரை வாயாலை சொல்ல மாட்டன்."

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். மரணச் சனி.

நீ நில அளவைக்காரனாக இருந்தவன், கணக்குப் பிழைக்காதவன். என் சாதகக் குறிப்பின் பிரதி உன்னிடம் இருக்கிறது. பார்த்து உள்ளதை எழுது. தை முப்பதாம் திகதி கிருசாந்தியின் கலியாணம். அது வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

உன் அக்கா
விமலேஸ்வரி


ஓமந்தை
24.10.2025

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். சிவலட்சுமி கரண்டி பிடிக்கிறாள், ஆனால் வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி சிந்திவிடும். பேச்சும் இரண்டு மூன்று சொல்தான். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அக்கா பயம்" என்றாள்.

ஏரம்பு ஐயா சொன்னது வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு. நான் பார்ப்பது திருக்கணிதம். சனியின் பெயர்ச்சியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் வித்தியாசம் வரும். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குள் வந்தது இந்த வருடம் மார்ச் இருபத்தொன்பதில். வானத்தில் நிற்கும் சனியோடு ஒத்துப் போவது இந்தக் கணக்குத்தான். நீங்கள் வரப்போகிறது என்று பயப்படும் ஜென்மச் சனி, ஏழு மாதமாக உங்களோடு வயலுக்குப் போய் வருகிறது. நீங்கள் கவனிக்கவில்லை.

ஏழரை என்பது வேறொன்றுமில்லை. சந்திரன் நிற்கும் ராசிக்கு முன் ராசி, அந்த ராசி, அடுத்த ராசி என்று மூன்றையும் சனி கடக்கும் காலம். ஒவ்வொன்றிலும் இரண்டரை வருடம். முழு வட்டத்துக்கு அதற்கு இருபத்தொன்பதரை வருடம் வேண்டும். பன்னிரண்டில் மூன்று ராசி என்றால் எந்த நேரத்திலும் ஊரில் காற்பங்குப் பேருக்கு ஏழரை நடக்கும். இப்போது கும்பம், மீனம், மேடம். அத்தனை பேருமா சாகிறார்கள்?

உங்களுக்கு முதல் சுற்று அறுபத்து நான்கிலிருந்து எழுபத்தொன்று வரை. அதற்குள்தான் நான் பிறந்தேன். இரண்டாவது தொண்ணூற்று மூன்றிலிருந்து இரண்டாயிரம் வரை. வலிகாமத்தைவிட்டு ஓடியது அதற்குள். ஜென்மச் சனி முழு வீச்சில் இருந்த தொண்ணூற்றாறு ஐப்பசியில்தான் மல்லாவிக் கொட்டிலில் கிருசாந்தி பிறந்தாள். ஒரே சனிதான் இரண்டையும் பார்த்தது.

நீங்கள் பிறந்தபோது சனி மகரத்தில், சொந்த வீட்டில். உத்தரட்டாதியும் அதன் நட்சத்திரம். அட்டவர்க்கத்தில் மீனத்தில் சனிக்கு எட்டுக்கு ஐந்து பரல், பலத்தைக் காட்டும் புள்ளி. நாலுக்கு மேல் இருந்தால் தாங்கலாம். சுமை இருக்கும், அலுப்பு இருக்கும், எல்லாம் பிந்தும். தள்ளிப்போட்ட வேலைகள் வந்து வாசலில் நிற்கும். சாவைச் சொல்ல லக்கினம், எட்டாம் இடம், நடக்கும் திசை எல்லாம் பார்க்க வேண்டும். ஏழரையை மட்டும் வைத்துச் சாவு சொல்பவர் கணக்கைப் பாதியில் விட்டவர்.

நிம்மதியாகக் கலியாண வேலையைப் பாருங்கள்.

அன்புத் தம்பி
பரமலிங்கம்


வட்டக்கச்சி
9.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை தொடங்கிவிட்டது. விதைத்த நெல் முளைத்து நிற்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ இரண்டாயிரத்தோடு நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு விசயம். பக்கத்து வீட்டுக் கமலாசனிக்கும் மீன ராசிதான். அவளுக்கு உடம்பில் சின்னதாக ஒரு கட்டி. நோ இல்லை. பயற்றங்கொட்டை அளவில் இருந்தது, இப்போது கொஞ்சம் பெருத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்ட வேண்டும் என்பார்கள். ஜென்மச் சனியில் உடம்பில் கத்தி வைத்தால் புண் ஆறாது, ஆள் எழும்பாது என்று ஏரம்பு அவளுக்குச் சொன்னாராம். சனி மாறும் வரை பொறுத்தால் என்ன? அவளுக்காகக் கேட்கிறேன்.

கலியாணக் கூறைச் சேலை எடுத்தாயிற்று. அரக்கு நிறம். கிருசாந்தி அதை உடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அக்கா


ஓமந்தை
14.12.2025

அன்பின் அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளையும் வெள்ளத்துக்குத் தப்பினீர்கள் என்று கிருசாந்தி போனில் சொன்னாள். உயிர் வந்தது. இங்கே குளத்து நீர் முற்றம் வரை வந்தது. சிவலட்சுமியைக் கதிரையோடு தூக்கி அயலவர் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. உங்கள் நவம்பர்க் கடிதம் நனைந்து, மை ஊறி, போன கிழமைதான் வந்தது.

கமலாசனி அக்காவுக்குச் சொல்லுங்கள். கத்தி வைக்கக்கூடாது என்று ஏழரையில் ஒரு விதியும் இல்லை. அப்படி இருந்தால் காற்பங்குப் பேருக்கு ஏழரை வருடம் எந்த ஆஸ்பத்திரியும் கை வைக்க முடியாது. நாள் பார்த்துச் செய்ய வசதி இருந்தால் சந்திரன் மீனத்தில் நிற்கும் இரண்டேகால் நாளைத் தவிர்க்கலாம், அது மாதம் ஒருமுறை வந்து போகும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சனி மீனத்தை விட்டு முற்றாக விலகுவது இரண்டாயிரத்து இருபத்தெட்டு மாசியில். கட்டி அது வரைக்கும் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு இருக்காது.

அவருடைய பிறந்த நாள், நேரம், இடம் அனுப்புங்கள். குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன். கட்டி எந்த இடத்தில்?

தம்பி
பரமலிங்கம்


வட்டக்கச்சி
4.1.2026

தம்பிக்கு,

புது வருடத்தில் நீங்கள் சுகம் பெற வேண்டும்.

கமலாசனியின் குறிப்பு வெள்ளத்தில் போய்விட்டது. அவளுக்கு நாளும் நேரமும் ஞாபகம் இல்லை. என்னுடைய குறிப்பை வைத்தே பார். எல்லாம் ஒன்றுதானே.

அவளுக்கு இப்போது இடது கை தூக்கக் கஷ்டம். கலியாணம் முடியட்டும் என்கிறாள்.

கலியாணத்துக்கு நீ வர வேண்டும். கிருசாந்திக்குத் தகப்பன் இடத்தில் நிற்க நீதான் இருக்கிறாய்.

அக்கா


ஓமந்தை
9.1.2026

அக்கா,

கமலாசனிக்கு ஏது கலியாணம்? மூன்று பேரப்பிள்ளை கண்டவர் அவர்.

உங்கள் கடிதத்தைச் சிவலட்சுமிக்கு வாசித்தேன். முடிக்கும் முன்பே இடக்கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தாள். "அக்காக்கு. அக்காக்குத்தான்" என்றாள். ஒரு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நான் இரண்டாயிரத்தோடு ஏன் நிறுத்தினேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பதினாறு வருடமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

இரண்டாயிரத்தெட்டு ஆவணியில் நான் வவுனியாவிலிருந்து உங்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன். சுக்கிர திசை நடக்கிறது, சனி சிங்கத்தில், உங்கள் ராசிக்கு ஆறாம் இடத்தில் நிற்கிறது, இதைவிட நல்ல காலம் இல்லை, பயப்படாமல் இருங்கள் என்று எழுதினேன். மூன்று, ஆறு, பதினொன்றில் சனி நன்மை செய்யும் என்பது சாத்திரம். நான் படித்ததை எழுதினேன். அடுத்த சித்திரையில் தண்ணீர் எடுக்கப் போன அத்தான் வாளியோடு கிடந்தார். உங்கள் காது போனது. பன்னிரண்டு ராசிக்காரரும் ஒரே பங்கர்க் குழிக்குள் இருந்தீர்கள். சனி ஒருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் நான் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. திரும்பத் தொட்டபோது ஒன்றை முடிவு செய்துகொண்டேன். கிரகம் காலத்தின் கனத்தைச் சொல்லலாம். நில், போ என்று சொல்லாது. அதைச் சொன்னது நான்.

அன்றைக்கு நான் நல்ல காலம் என்று சொன்னதை நம்பி இருந்தீர்கள். இன்றைக்கு ஒருவர் கெட்ட காலம் என்று சொன்னதை நம்பி இருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பிழை. இரண்டாவது தரமும் என் அக்காவைச் சாத்திரத்துக்குக் கொடுக்க என்னால் முடியாது.

இருபதாம் திகதி வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கிருசாந்திக்கு நான் சொல்வேன். நீங்கள் என்னோடு பேசாமல் விட்டாலும் பரவாயில்லை.

பரமு


ஓமந்தை
21.1.2026

அக்கா,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுகிறேன். நேற்றுக் கிருசாந்தியின் இலக்கத்தை அழுத்தினேன். "ஹலோ மாமா" என்றாள், கலியாணக் கலகலப்போடு. வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்தாயிற்றோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நானும் கோழைதான்.

சிவலட்சுமியைப் பார்க்க அவளின் தங்கை தர்மிளா வருகிறேன் என்றிருக்கிறாள். வந்ததும் பஸ் எடுப்பேன்.

பரமு


வட்டக்கச்சி
24.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியும் நீங்களும் சுகமா? நான் கிருசாந்தி எழுதுகிறேன். அம்மா எழுதச் சொன்னா. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் அம்மா அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறா. முந்தநாள் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. "வாசி" என்றா. வாசித்து முடித்துப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிற்கிறா.

"எவ்வளவு நாளா அம்மா?"

"ஆவணியிலை இருந்து."

"ஏனம்மா சொல்லேல்லை?"

"உனக்குக் கலியாணம். பொம்பிளையின்ரை தாய்க்கு இந்த வருத்தம் எண்டா அவை என்ன நினைப்பினம்?"

அன்று நிருஷனிடம் சொன்னேன். அவரும் தாயும் அடுத்த நாள் காலை வந்தார்கள். எங்கள் கலியாணத்தை ஆவணிக்கு மாற்றியாயிற்று. அவரின் தாய்தான் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினா. கட்டி இடது மார்பில், மாமா. ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வர இரண்டு கிழமையாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று அழுகிறேன்.

அன்பு மருமகள்
கிருசாந்தி


வட்டக்கச்சி
18.2.2026

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்து இரண்டு நாள் நின்று போனது எனக்கு மருந்து மாதிரி. சிவலட்சுமி தேடியிருப்பாள்.

முடிவு வந்துவிட்டது. நாங்கள் நினைத்ததுதான். புற்றுநோய். கக்கத்திலும் ஒன்று இருக்கிறதாம். டொக்டர் சின்னப் பெடியன், நல்லவன். நான் கேட்கும்படி காதுக்குக் கிட்ட வந்து சத்தமாகச் சொன்னான். "அம்மா, நாலு மாதம் முந்தி வந்திருந்தா இன்னும் சுகமா இருந்திருக்கும். இப்பவும் பிந்தேல்லை. மாப்பிளை பாக்கிற மாதிரி யோசிக்காமல் ஒப்பரேசனுக்கு ஒரு நாளைக் குடுங்கோ." மார்ச் பதினோராம் திகதி ஒப்பரேசன், யாழ்ப்பாணத்தில்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஏரம்பு சொன்ன பெயர்ச்சி மார்ச் முதல் கிழமை. அவர் கணக்கில் சனி ஏறிய கையோடு என்னை வெட்டுகிறார்கள். உன் கணக்கில் சனி ஒரு வருடமாக உள்ளே இருக்கிறது, சரி. ஆனால் ராசிக்குள் வருவது வேறு, சந்திரன் நின்ற அதே பாகையைத் தொடுவது வேறு என்று நீ முன்பு ஒருதரம் சொன்ன ஞாபகம். அது எந்த நாள்? மறைக்காதே. நீ மறைத்தால் எனக்கு எழுத்திலேயே தெரியும்.

இன்னொன்று. உன் ஆவணிக் கடிதத்தால் நாங்கள் நிற்கவில்லை. போக வழி இருக்கவில்லை. அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது நாங்கள் இரண்டு இடம் மாறியாயிற்று. கிருசாந்தியின் அப்பா அதை வாசித்துச் சிரித்தார். "பரமுவின்ரை சனி நல்லாத்தான் இருக்கு, நாங்கள்தான் இடம் மாறுறம்" என்றார். இதைப் பதினாறு வருடம் முன்பே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்ததைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று சொல்லாமல் விட்டேன்.

அக்கா


ஓமந்தை
22.2.2026

அன்பின் அக்காவுக்கு,

அத்தான் சிரித்தார் என்ற வரியில் நின்றுவிட்டேன். தர்மிளாதான் மிச்சத்தை வாசித்துக் காட்டினாள்.

மறைக்கவில்லை. உங்கள் சந்திரன் மீனத்தில் ஒன்பதாம் பாகையில். சனி போன ஆடியில் எட்டாம் பாகைக்குக் கிட்ட வந்து வக்கிரமாகித் திரும்பிப் போனது. இப்போது நேர்கதியில் வருகிறது. ஒன்பதைத் தொடுவது மார்ச் பன்னிரண்டை ஒட்டி. ஒப்பரேசன் பதினொன்று.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அழித்தேன். திரும்பவும் போட்டேன். அதே விடை. இவ்வளவு பேசிய நானே டொக்டரிடம் கேட்டு இரண்டு கிழமை தள்ளலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். சிவலட்சுமியிடம் கேட்டேன். "வெட்டட்டும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. சனி ஒரு பாகையைக் கடக்க எட்டு ஒன்பது நாள் எடுக்கும். அந்தப் பாகையின் பாரம் ஒரு நாளில் வந்து போகும் அடியல்ல. முன்னும் பின்னும் மாதக்கணக்கில் கிடக்கும். அந்தப் பாரம் எது என்று இப்போது எங்களுக்குத் தெரியும், அதற்கு மருந்தும் இருக்கிறது. வக்கிரத்தில் திரும்பும்போதும் சனி பதின்மூன்றாம் பாகைக்குக் கீழே வராது. ஒரே ஒரு தரம்தான் கடக்கும். யூன் தொடக்கத்தில் வியாழன் கடகத்துக்கு வந்து உச்சமாகி ஒன்பதாம் பார்வையாக மீனத்தைப் பார்க்கும். இதெல்லாம் உள்ள கணக்கு. ஆனால் வியாழன் பார்க்கும் என்று மருந்துக் குளிசையை விடக்கூடாது.

எனக்கும் பயம் போகவில்லை, அக்கா. பயத்தோடு போவோம். பத்தாம் திகதி பஸ்ஸில் உங்கள் ஊர்ச் சந்திக்கு வந்து நிற்பேன். நீங்கள் வரும் வாடகை வானில் ஏறிக்கொள்வேன்.

பரமு


வட்டக்கச்சி
6.4.2026

அன்புள்ள தம்பிக்கு,

வலக்கையால் எழுதுகிறேன், அதனால் எழுத்து நேராக இருக்கும். இடக்கை இன்னும் தலைக்கு மேலே போகாது. சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகுகிறேன். நீ ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் மூன்று நாள் கிடந்தாயே, இடுப்பு எப்படி?

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் மரியமலர் என்று ஒருத்தி, முல்லைத்தீவுக் கரையாள். அவளுக்கும் இதே வருத்தம், இதே பக்கம். நான் அவளிடம் ராசி என்னவென்று கேட்டேன். சிரித்தாள்.

"எங்களுக்கு ராசி இல்லை அக்கா. ஞானஸ்நானம் எடுத்த நாள்தான் தெரியும்."

"அப்ப ஏன் உங்களுக்கு வந்தது?"

"எனக்கெண்டா, சோளகக் காத்துக்கு இவர் கடலுக்குப் போகேல்லை, கருவாட்டு வேலை தலைக்கு மேலை கிடந்தது, பிறகு போவம் பிறகு போவம் எண்டு ஒண்டரை வருசம் விட்டிட்டன். உங்களுக்கு?"

எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளைத் தடுக்க ஒரு சனியும் இருக்கவில்லை, தம்பி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் பயந்திருக்கிறோம். என்னுடைய பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

புண் ஆறிவிட்டது. ஒன்பதாம் நாள் தையல் வெட்டினார்கள்.

அக்கா


வட்டக்கச்சி
14.6.2026

அன்புள்ள தம்பிக்கு,

சிவலட்சுமி வாசல் வரை நடந்தாள் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் கமலாசனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தன் பெயரில் நான் கட்டிய கதை அவளுக்கு இப்போது தெரியும். ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

மூன்று ஊசி ஏற்றியாயிற்று, இன்னும் மூன்று. தலைமயிர் கொட்டிவிட்டது. கிருசாந்தியின் கலியாணத்துக்குச் சால்வையால் மூடிக்கொண்டு வருவேன், படம் எடுக்கிறவன் என்ன செய்தாலும் செய்யட்டும். ஊசி ஏற்றும் நாள் காலையில் இப்போதும் படலை வரை போய் வீட்டுக்குள் திரும்பி வருவேன். பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் நம்பாதே.

மரியமலர் போன மாதம் போய்விட்டாள். அவளுக்குச் சுவாசப் பைக்கும் பரவியிருந்ததாம். மகள் போன் எடுத்துக் கிருசாந்தியிடம் சொன்னாள். ஒன்றரை வருடம், தம்பி. நானும் உன் கடிதம் வராவிட்டால் இருபத்தெட்டு மாசி வரைக்கும் பொறுத்திருப்பேன்.

ஏரம்பு ஐயாவைச் சந்தையில் கண்டேன். என் தலையைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னன்தானே பிள்ளை, சனி" என்றார். "ஓம் ஐயா, நீங்கள் சொன்னது வந்தது. கத்தி வைச்சா எழும்ப மாட்டன் எண்டதுதான் வரேல்லை" என்றேன். வெண்டிக்காயை முறித்துப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினார்.

போன கிளினிக்கில் டொக்டரிடம் எவ்வளவு காலத்துக்கு மருந்து என்று கேட்டேன். ஊசிகள் முடிந்த பிறகு தினம் ஒரு குளிசை, ஐந்து வருடம் என்றார். வீட்டுக்கு வந்து கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். ஏழரை என்னை விடுவது முப்பதாம் ஆண்டு சித்திரையில் என்றாய். குளிசை முடிவது முப்பத்தொன்றில். டொக்டர் எனக்குச் சனியைவிட ஒரு வருடம் கூடப் போட்டு வைத்திருக்கிறார்.

சிவலட்சுமிக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
விமலேஸ்வரி